மீட்டர் காட்டும் சர்க்கரை, இரத்தத்தில் இல்லாதபோது
ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்துவோரும் மால்டோஸ் கலந்த மருந்து ஏற்றிக்கொள்வோரும் அறிய வேண்டியது

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்கு, விரல் நுனியில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் உண்மையைவிட நூறு மி.கி. வரைகூட, சில வேளைகளில் அதற்கும் மேலாக, சர்க்கரையைக் கூட்டிக் காட்டக்கூடும். கருவி பழுதாகியிருக்காது, சோதனைப் பட்டையும் காலாவதியாகியிருக்காது. ஆயினும் எண் பொய்யாக இருக்கும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் நோயாளி சர்க்கரைக் குறைவில் மயங்குவார்; மயங்கிய பின்னும் மீட்டர் 'சரியாக இருக்கிறது' என்றே சொல்லும். இது எவ்வாறு நேர்கிறது, எப்படிக் கண்டுகொள்வது என்பதை ஒரு நோயாளியின் அனுபவத்தைக் கொண்டு விளக்குகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஓர் இரவில் நடந்தது

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. நெடுநாள் நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து, வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துவந்தார். பகலில் குளுக்கோஸ் கலந்த திரவம். இரவில் ஒரு பை ஐகோடெக்ஸ்ட்ரின். காலில் புண்ணும் காய்ச்சலும் வந்ததால் வீட்டிற்கு அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் மாலையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சலால் அன்று அவர் சரியாக உண்ணவில்லை.

இரவு 9 மணிக்கு வார்டு மீட்டர் 268 மி.கி. என்று காட்டியது. 8 யூனிட் இன்சுலின் போடப்பட்டது. இரவு 11.30க்கு 221, மேலும் 6 யூனிட். அதிகாலை 3 மணிக்கு அவர் உடல் நனைய வியர்த்து, அழைத்தால் பொருளற்ற விடை கூறத் தொடங்கினார். மீட்டர் 149 என்றது.

துணைக்கு இருந்த அவருடைய மனைவி, "சிஸ்டர், இவருக்கு இப்படி வேர்த்தா சர்க்கரை இறங்கிடுச்சுன்னு அர்த்தம். பத்து வருஷமா நான் பாத்துட்டு வரேன்" என்றார். "இல்லம்மா, மெஷின்ல 149 இருக்கு. இது வேற ஏதோ" என்று பதில் வந்தது. பக்கவாதமாக இருக்குமோ என்று தலையை ஸ்கேன் செய்ய ஏற்பாடு நடந்தது.

அந்த அம்மையார் மனம் அமைதியடையாமல், டயாலிசிஸ் குறிப்பேட்டில் இருந்த எங்கள் எண்ணுக்கு அழைத்துப் பணி மருத்துவரிடம் கைபேசியைக் கொடுத்தார். நான் கேட்ட முதற்கேள்வி, "இரவுப் பை ஐகோடெக்ஸ்ட்ரின்தானே, லேப்பில் சர்க்கரை பார்த்தீர்களா?" என்பதே. அவர் உடனே இரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவுக்குக் காத்திராமல் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யை நரம்பில் செலுத்தினார். சில நிமிடங்களில் நோயாளி கண் திறந்து மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். டெக்ஸ்ட்ரோஸ் செலுத்துமுன் எடுத்த இரத்தத்தின் முடிவு பின்னர் வந்தது: 31 மி.கி.

மறுநாள் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தோம். அனுமதியின்போது, மீட்டர் சோதனைக்குச் சற்று முன் எடுத்த இரத்தத்தில் ஆய்வகம் கண்ட சர்க்கரை 151. மீட்டர் காட்டியது 268, வேறுபாடு 117. அதிகாலையில் 149க்கும் 31க்கும் உள்ள வேறுபாடு 118. இரு வேளையிலும் ஏறக்குறைய ஒரே அளவு பொய்ச் சர்க்கரை உண்மைச் சர்க்கரையின் மேல் ஏறி நின்றிருக்கிறது. அப்படியானால் மீட்டர் 221 காட்டிய நேரத்தில் உண்மை அளவு நூற்றுக்குச் சற்றே மேல்தான் இருந்திருக்கும். அந்நிலையில் இரண்டாம் இன்சுலின் தேவையே இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் இன்சுலின் வழக்கத்தைவிட நெடுநேரம் தங்குவதால், இரண்டு ஊசிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தன.

பொய்ச் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

வயிற்றில் விடப்படும் திரவம், உடலில் தேங்கிய நீரைத் தன்பக்கம் ஈர்க்க வேண்டும். குளுக்கோஸ் கலந்த திரவம் சில மணி நேரத்தில் குளுக்கோஸை இரத்தத்துக்கு இழந்து ஈர்ப்பு குன்றிவிடும். ஐகோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுப் பொருளிலிருந்து செய்யப்படும், குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. அது எளிதில் வெளியேறாததால், இரவு முழுவதும் தங்கும் நீண்ட பைக்கு ஏற்றது.

எளிதில் வெளியேறாது என்றாலும், அறவே வெளியேறாது என்பதில்லை. இரண்டு லிட்டர் பையில் 150 கிராம் ஐகோடெக்ஸ்ட்ரின் உண்டு. பன்னிரண்டு மணி நேரத்தில் அதில் ஏறக்குறைய 60 கிராம் இரத்தத்தில் கலக்கிறது. அங்கே அமிலேஸ் என்னும் நொதி அச்சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அவ்வாறு கிடைப்பவற்றுள் முக்கியமானது மால்டோஸ், அதாவது இரண்டு குளுக்கோஸ் கண்ணிகள் இணைந்த சர்க்கரை. மால்டோஸை மேலும் உடைக்கும் நொதி ஓடும் இரத்தத்தில் இல்லை; அந்த வேலையில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால் மால்டோஸ் இரத்தத்திலேயே தேங்கி நிற்கிறது. அது அங்கே இருப்பதனால் மயக்கமோ களைப்போ தோன்றுவதில்லை. சிக்கல் மீட்டரில்தான்.

சோதனைப் பட்டையின் நுனியில் உலர்ந்த நிலையில் ஒரு நொதி இருக்கிறது. அது இரத்தத்திலுள்ள சர்க்கரையோடு வினைபுரியும்போது சிறு மின்னோட்டம் பிறக்கிறது. மீட்டர் அம்மின்னோட்டத்தை அளந்து எண்ணாக மாற்றுகிறது. ஜிடிஎச்-பிகியூகியூ என்ற நொதிமுறையில் அமைந்த பட்டைகள் குளுக்கோஸையும் மால்டோஸையும் பிரித்தறிவதில்லை, இரண்டோடும் வினைபுரிகின்றன. மின்னோட்டம் எதனால் வந்தது என்று மீட்டருக்குத் தெரியாது. ஆகவே இரண்டையும் கூட்டி 'குளுக்கோஸ்' என்றே காட்டுகிறது. பெரிய ஆய்வகக் கருவிகள் பயன்படுத்தும் ஹெக்சோகைனேஸ், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறைகளில் இக்குழப்பம் நேர்வதில்லை. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறையில் இயங்கும் வீட்டு மீட்டர்களும் உண்டு.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 ஆகஸ்டில், இத்தகைய குழப்பத்தோடு தொடர்புடைய 13 மரணங்களைச் சுட்டி, மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்தியவர்கள். அதன்பின் பல நிறுவனங்கள் பட்டையின் நொதியை மாற்றிவிட்டன. எனினும் எந்த மருத்துவமனையின் எந்த வார்டில் எந்தப் பட்டை இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்ல இயலாது.

வேறு யாருக்கு இது பொருந்தும்?

நரம்பு வழியாக ஏற்றப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்துகளுள் சிலவற்றில் மருந்து கெடாதிருக்க மால்டோஸ் சேர்க்கப்படுகிறது. வேறு சில வகைகளில் அது இல்லை. மூட்டுவாதத்துக்கு ஏற்றப்படும் அபாடாசெப்ட் மருந்தின் நரம்புவழி வடிவத்திலும் மால்டோஸ் உண்டு. இவற்றை ஏற்றிக்கொள்ளும் நாளில் மீட்டர் திடீரென உயர்ந்த எண் காட்டினால், ஆய்வகச் சோதனை செய்த பின்னரே இன்சுலின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

நீரிழிவு இல்லாதவருக்கும் இது பொருந்தும். ஐகோடெக்ஸ்ட்ரின் பயன்படுத்தும் ஒருவருக்கு மீட்டர் 210 காட்டியதால் 'புதிதாகச் சர்க்கரை வந்துவிட்டது' என்று மருந்து தொடங்கினால் அதுவும் ஆபத்தே. ஹீமோடயாலிசிஸ் செய்வோர் ஐகோடெக்ஸ்ட்ரின் பெறுவதில்லை. ஆனால் வயிற்றுவழி டயாலிசிஸிலிருந்து அண்மையில் மாறியவர்கள் கவனிக்க வேண்டும்: ஐகோடெக்ஸ்ட்ரினை நிறுத்திய பின்னும் இரத்தத்திலுள்ள மால்டோஸ் குறைய இரண்டு வாரம் வரை ஆகலாம். 'நேற்று இரவு பை போடவில்லை, ஆகவே இன்று மீட்டர் சரியாக இருக்கும்' என்று எண்ணலாகாது.

உங்கள் மீட்டரை எப்படிச் சரிபார்ப்பது?

முதலில், பட்டைப் பெட்டியிலுள்ள மடித்த தாளைப் பிரித்துப் பாருங்கள். சோதனை முறை என்னும் பகுதியில் நொதியின் பெயர் இருக்கும். வரம்புகள் அல்லது குறுக்கீடுகள் என்னும் பகுதியில் மால்டோஸ், ஐகோடெக்ஸ்ட்ரின் பற்றிய குறிப்பு இருக்கும். ஜிடிஎச்-பிகியூகியூ என்றிருந்தால் அப்பட்டை உங்களுக்கு ஆகாது. பெயரில் சிறிதே மாறுபடும் ஜிடிஎச்-எஃப்ஏடி வகைப் பட்டைகளுள்ளும் சில ஆகாதவை. ஆகவே நொதியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஐகோடெக்ஸ்ட்ரின் பற்றிய குறிப்பையும் படியுங்கள். புரியாவிட்டால் பெட்டியையே எங்கள் டயாலிசிஸ் செவிலியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். மீட்டரின் பெயரை நினைவில் வைத்திருப்பது போதாது, பட்டையே முக்கியம்.

அடுத்து, மாதாந்திர இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரும்போது உங்கள் மீட்டரையும் எடுத்து வாருங்கள். இரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் விரலிலும் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வக அளவு 120 என்றால் மீட்டர் 105 முதல் 135 வரை காட்டுவது இயல்பு. 200க்கு மேல் காட்டினால் அந்த எண்ணைக் கொண்டு இன்சுலின் போடுவதை நிறுத்தி, எங்களிடம் சொல்லுங்கள்.

உடல் ஒன்று சொல்ல, மீட்டர் வேறொன்று சொன்னால்?

வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், வழக்கமில்லாத கோபம் அல்லது தூக்கம். இவை தோன்றினால் மீட்டர் எந்த எண்ணைக் காட்டினாலும் சர்க்கரைக் குறைவு என்றே கொள்ளுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைச் சிறிதளவு நீரில் கலந்து கொடுங்கள். தெளிவாக விழுங்க இயலாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஒருவேளை சர்க்கரை உண்மையிலேயே உயர்ந்திருந்தாலும் அந்தச் சிறிதளவு குளுக்கோஸ் பெருந்தீங்கு செய்யாது. தாழ்ந்த சர்க்கரையை விட்டுவைத்தால் மூளைக்கே சேதம்.

வீட்டில் பாதுகாப்பான மீட்டர் இருப்பினும், ஆபத்து பெரும்பாலும் வேறு மருத்துவமனையில்தான் காத்திருக்கிறது. ஆகவே கீழுள்ள வாசகத்தை ஒரு தாளில் எழுதி, டயாலிசிஸ் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த வார்டில் சேர்ந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள். அதன் ஆங்கிலப் படியைச் செவிலியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

"இவர் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்துகிறார். சில மீட்டர்கள் இவருடைய சர்க்கரையைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். ஜிடிஎச்-பிகியூகியூ பட்டை பயன்படுத்த வேண்டாம். உங்கள் பட்டை ஏற்றதா என்பது உறுதியாகும்வரை இன்சுலின் அளவை ஆய்வகச் சோதனையைக் கொண்டே முடிவு செய்யவும். நிறுத்திய பின் இரண்டு வாரம் வரை இது பொருந்தும்."

அந்த நோயாளி இன்றும் இரவில் ஐகோடெக்ஸ்ட்ரின் பைதான் பயன்படுத்துகிறார். அதை நிறுத்த வேண்டிய தேவை எழவில்லை. மாற்றியது பட்டையை மட்டுமே. குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இந்த வாசகத்தை ஒட்டியவர் அவருடைய மனைவி.