ஸ்டாப் லாஸை விலை தொடவேயில்லை, பணம் போய்விட்டது

பிட்காயின் ஃபியூச்சர்ஸில் நான் செய்த ஒரு தப்பு இது. கணக்கில் 1,000 டாலர் இருந்தது. ஒரு டிரேடில் 1 சதவீதத்துக்கு மேல், அதாவது 10 டாலருக்கு மேல், இழக்கக் கூடாது என்பது என் விதி. 60,000-க்கு வாங்கி 58,800-இல் ஸ்டாப் லாஸ் போட்டேன். இடைவெளி 2 சதவீதம். 2 சதவீத வீழ்ச்சியில் 10 டாலர் போக வேண்டுமென்றால் பொசிஷன் 500 டாலர். அதுவரை கணக்கு சரி.

பிறகு லெவரேஜ் 50 மடங்கு வைத்தேன். 10 டாலர் மார்ஜின் போதும் என்பதில் ஒரு சந்தோஷம். விலை 59,050 வரை இறங்கிவிட்டுத் திரும்பி ஏறியது. ஸ்டாப் லாஸ் அப்படியே கிடக்க, என் பொசிஷன் லிக்விடேட் ஆகி 10 டாலரும் போயிருந்தது.

காரணம் எளிது. ஐசொலேட்டட் மார்ஜினில் லிக்விடேஷன் தூரம் ஏறக்குறைய 100-ஐ லெவரேஜால் வகுத்து, அதில் மெயின்டனன்ஸ் மார்ஜின் சதவீதத்தைக் கழித்தால் வருவது. அதை 0.5 என்று வைத்தால் 50 மடங்கில் மிஞ்சுவது 1.5 சதவீதம், அதாவது 59,100. என் ஸ்டாப் லாஸோ அதற்கும் கீழே இருந்தது. அதே டிரேடை 10 மடங்கில் எடுத்திருந்தால் லிக்விடேஷன் 54,300-இல் இருந்திருக்கும்.

பொசிஷன் 500 டாலர் என்று முடிவான பிறகு, 10 மடங்கானாலும் 20 மடங்கானாலும் விலை 1 சதவீதம் ஏறினால் லாபம் 5 டாலர்தான். கட்டணமும் பொசிஷன் அளவுக்குத்தான். லெவரேஜைக் கூட்டினால் முடங்கும் மார்ஜின் குறையும்; கூடவே லிக்விடேஷன் விலை கிட்டே வரும். வேறு பலன் இல்லை.

இப்போது ஸ்டாப் லாஸ் தூரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி லிக்விடேஷன் இருக்கும்படி வைக்கிறேன். 2 சதவீத ஸ்டாப் லாஸுக்கு 4 சதவீதம், மெயின்டனன்ஸுக்கு 0.5. 100-ஐ 4.5-ஆல் வகுத்தால் 22. நான் 20-ஐத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் 10 போதும். இந்த இடைவெளி சும்மா இல்லை. வேகமாகச் சரியும்போது ஸ்டாப் லாஸ் சொன்ன விலையில் நிறைவேறாது. லிக்விடேஷன் பெரும்பாலும் மார்க் பிரைஸைப் பார்த்து நடக்கும். ஸ்டாப் லாஸ் கடைசி விலையைப் பார்ப்பதாக இருந்தால் இரண்டும் ஒன்றாக ஓடாது.

ஒரு எச்சரிக்கை. 10 மடங்கில் 50 டாலர் மார்ஜின் நிற்கிறது. ஸ்டாப் லாஸ் போட மறந்தால் அந்த ஐம்பதும் போகலாம். ஆகவே ஆர்டரோடு சேர்த்தே ஸ்டாப் லாஸைப் போடுங்கள். உறுதி செய்யும் முன் திரையில் லிக்விடேஷன் விலையைப் பாருங்கள். வாங்கும் டிரேடில் அது ஸ்டாப் லாஸுக்கு மேலே இருந்தால், நீங்கள் போட்டிருப்பது ஸ்டாப் லாஸே இல்லை.