எழுத்தைத் தள்ளி எழுதும் புதிர்: சில குறிப்புகள்

விடுமுறையில் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் ஒரு புதையல் வேட்டை வைக்கலாம். பொருள் இருக்கும் இடத்தைச் சீட்டில் அப்படியே எழுதாமல், ஒவ்வொரு எழுத்தையும் நெடுங்கணக்கு வரிசையில் மூன்று இடம் தள்ளி எழுதுங்கள்.

1. கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து இரண்டு பட்டை வெட்டுங்கள். மேல் பட்டையில் க் முதல் ன் வரை 18 மெய்களைக் கட்டத்துக்கு ஒன்றாக எழுதுங்கள். கீழ்ப் பட்டையில் அதே வரிசையை இரண்டு முறை தொடர்ந்து எழுதுங்கள். அப்போதுதான் ன் முடிந்ததும் மறுபடி க் வரும். மேலே உள்ள க்-கு நேர் கீழே ஞ் வரும்படி நகர்த்தினால் மூன்று இடம் தள்ளியாயிற்று. 12 உயிர்களுக்கும் இதே போல் தனியாக ஒரு ஜோடி வேண்டும்.

2. உயிர்மெய்யில் மெய் மட்டும் நகரட்டும். கால், கொம்பு, சுழி எதையும் தொட வேண்டாம். 'சி' என்றால் ச் மூன்று இடம் போய் ண் ஆகும், எழுத்து 'ணி' ஆகும். பிள்ளைகள் தடுமாறுவது கொ, கோ போன்றவற்றில்தான். முன்னும் பின்னும் குறி இருந்தாலும் அது ஒரே எழுத்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆய்தத்தையும் ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளையும் அப்படியே விடலாம்.

3. 'அரிசிப் பானை' என்று எழுதிப் பார்ப்போம். அ நகர்ந்து ஈ. ரி, ழி ஆகும். சி, ணி ஆகும். ப், ர் ஆகும். பா, ரா ஆகும். கடைசி எழுத்து னை. ன்-க்குப் பிறகு க், ங், ச் என்று எண்ணினால் சை. ஆக, சீட்டில் 'ஈழிணிர் ராசை' என்று இருக்கும். விடை காண, கீழ்ப் பட்டையில் எழுத்தைத் தேடி அதற்கு மேலே இருப்பதைப் படிக்க வேண்டும்.

4. எத்தனை இடம் என்று சொல்லாமலும் கொடுக்கலாம். 'ரனல், லழல்' என்று சீட்டு வந்தால் இரண்டும் ல் என்று முடிவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். தமிழில் ம், ன் என்று முடியும் சொற்கள் ஏராளம். ல் உண்மையில் ன் என்று கொண்டால் முதல் சொல் 'றடன்' ஆகிறது. ற-வில் தமிழ்ச் சொல் தொடங்காது, ஆகவே அது தவறு. ம் என்று கொண்டால் மூன்று இட வித்தியாசம். பழம், மரம் என்று இரண்டும் சரியாக வந்துவிடும்.

5. 12 இடம் தள்ளினால் உயிர்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். 18 தள்ளினால் மெய்கள் வந்துவிடும். இந்த இரண்டு எண்களையும் தவிர்த்துவிடுங்கள்.

6. ஏ.டி.எம். ரகசிய எண்ணையோ கடவுச்சொல்லையோ இப்படி எழுதி வைக்காதீர்கள். மெய்களைத் தள்ள 17 வழிகள்தான் உண்டு. பட்டையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் பார்த்தாலே யாரும் படித்துவிடலாம்.