23 டிக்னா எத்தனை சதவீதம்? குரூப் போல் ஸ்கிரீன்ஷாட்டை எண்ணுவது எப்படி

கோயில் பயணம், அன்னதானம், வேன் ஏற்பாடு எல்லாத்துக்கும் இப்போ குரூப்ல ஒரு போல் போட்டுடறோம். அப்புறம் யாராவது அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இத்தனை சதவீதம் பேர் இதைத்தான் கேக்கறாங்க"ன்னு மெசேஜ் போடுவாங்க. அதை நம்பித்தான் வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கறோம். ஆனா வாட்ஸ்அப் போல் சதவீதமே காட்டறதில்லை. எதுக்கு எத்தனை டிக்னு மட்டும்தான் காட்டும். அந்தச் சதவீதத்தை நாமதான் போடறோம், சறுக்கறதும் அங்கதான்.

ஒரு உதாரணத்தை முழுசா போட்டுப் பார்ப்போம். மேச்சேரியில இருந்து பழனிக்கு வேன் பேசறதுக்காகப் போடற போல் இது. கணக்கு சுலபமா புரியணும்னு எண்களை நானே அமைச்சிருக்கேன். குரூப்ல 86 பேர். கேள்வி, "எப்ப கிளம்பினா வர முடியும்?" ஸ்கிரீன்ஷாட்ல இருக்கறது இவ்வளவுதான்:

வெள்ளி இரவு – 23
சனி காலை – 17
சனி இரவு – 14
இந்தத் தடவை வர முடியாது – 9

முதல்ல ஸ்கிரீன்ஷாட்டைப் படிங்க

கேள்விக்குக் கீழே பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். `Select one`னு இருந்தா ஒருத்தர் ஒரு டிக்தான் அடிக்க முடியும். `Select one or more`னு இருந்தா எத்தனை வேணும்னாலும் அடிக்கலாம். நம்ம உதாரணத்துல இரண்டாவதுதான் இருக்கு. இந்த ஒரு வரிதான் மொத்த கணக்கையும் மாத்தப் போகுது.

அடுத்தது நேரம். போல் பெட்டிக்குள்ள காட்டற நேரம் போல் போட்ட நேரம். எண்ணிக்கை எப்போ நிலவரம்னு அது சொல்லாது. போனோட மேல் ஓரத்துல இருக்கற கடிகாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்த நேரத்தைக் காட்டும், ஆனா பெரும்பாலும் தேதி இருக்காது. டிக்கை யாரு வேணும்னாலும் பின்னாடி எடுத்துடலாம், மாத்தலாம். அதனால எடுத்த தேதியும் நேரமும் தனியா எழுதி வைக்கணும்.

கடைசியா, படம் அடியில வெட்டுப்பட்டிருக்கான்னு பாருங்க. ஒரு போல்ல 12 ஆப்ஷன் வரைக்கும் வைக்கலாம், கடைசி ஒண்ணு ரெண்டு திரைக்கு வெளிய போயிருக்கும். ஆப்ஷன் பக்கத்துல வட்டமா தெரியற போட்டோக்களையும் எண்ணாதீங்க, அது சில பேரோடது மட்டும்தான். எழுதியிருக்கற எண்ணை மட்டும் எடுங்க.

எதால வகுக்கறது?

நாலு எண்ணையும் கூட்டினா 63. நிறைய பேர் உடனே 23-ஐ 63-ஆல வகுத்து, "வெள்ளி இரவுக்கு 37 சதவீதம்"னு போட்டுடுவாங்க. உடனே குரூப்ல ஒருத்தர், "ஏனுங்க அண்ணா, பாதிப் பேருகூட கேக்கலையே, எதுக்கு வெள்ளிக்கிழமை வேன்?"னு கேப்பார். கேக்கறது நியாயம்தான். ஆனா அந்த 37 தப்பான கேள்விக்கு வந்த பதில்.

63-ங்கறது டிக்குகளோட எண்ணிக்கை, ஆட்களோட எண்ணிக்கை இல்லை. ரெண்டு டிக் அடிச்சவர் அதுல ரெண்டு ஆளா நிக்கிறார். உதாரணத்துல உண்மையா ஓட்டுப் போட்டவங்க 48 பேர்னு வெச்சுக்குவோம். அதுல 9 பேர் வர முடியாதுன்னு சொன்னவங்க, மீதி 39 பேர் வர்றவங்க. இப்போ அதே 23-ஐ வகுத்துப் பாருங்க:

மொத்த டிக் 63-ஆல வகுத்தா 37 சதவீதம்.
ஓட்டுப் போட்ட 48 பேரால வகுத்தா 48 சதவீதம்.
வர்ற 39 பேரால வகுத்தா 59 சதவீதம்.
குரூப்ல இருக்கற 86 பேரால வகுத்தா 27 சதவீதம்.

நாலுமே கணக்குப்படி சரி. நாலும் வேற வேற கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். வேன் பேசறவங்களுக்கு வேண்டிய கேள்வி, "வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு வெள்ளி இரவு ஒத்து வரும்?" அதுக்குப் பதில் 59. பாதிக்கு மேல.

தேர்தல்லயும் இதே விஷயம் இருக்கு. 2013-ல நோட்டா வந்தது. வேட்பாளருக்கு டெபாசிட் திரும்பக் கிடைக்க, செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கணும். அந்தக் கணக்குல நோட்டா ஓட்டைச் சேர்க்கறதில்லை. ஆனா முடிவு அறிவிக்கற பட்டியல்ல நோட்டாவுக்கும் ஒரு சதவீதம் போடறாங்க. எந்த வேலைக்கு எந்த அடித்தளம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க. நம்ம "வர முடியாது" ஆப்ஷனும் அப்படித்தான். வேனுக்கு வெளிய, பங்கேற்புக் கணக்குக்கு உள்ளே.

48 எங்க இருந்து வரும்?

ஸ்கிரீன்ஷாட்ல இருந்து வராது. அதை வெச்சு எல்லை மட்டும்தான் சொல்ல முடியும். வெள்ளி டிக் அடிச்ச 23 பேரேதான் மத்த நாள் டிக்கும் எல்லாம் அடிச்சாங்கன்னா, வர்றவங்க 23 பேர்தான். ஒருத்தர்கூட ரெண்டு டிக் அடிக்கலைன்னா 54 பேர். அப்போ வெள்ளி இரவோட சதவீதம் 43-ல இருந்து 100 வரைக்கும் எது வேணும்னாலும் இருக்கலாம். அதனால கையில படம் மட்டும்தான் இருக்குன்னா சதவீதமே போடாதீங்க. "வெள்ளி இரவு 23 டிக், ஒருத்தர் பல டிக் அடிக்கலாம்"னு எழுதுங்க, போதும்.

ஆள் கணக்கு வேணும்னா போலுக்குக் கீழ இருக்கற `View votes`-ஐத் தட்டணும். அங்க ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் யார் யார்னு பேர் வரும். லிஸ்ட் நீளமா இருந்தா முழுசும் திறந்திருக்கான்னு பார்த்துக்குங்க. கூகுள் ஷீட்ல ஒரு டிக்குக்கு ஒரு வரி. `A`-ல பேர், `B`-ல ஆப்ஷன். தலைப்பு போக 63 வரி வரும். பேர்களைத் திரும்பாம எண்ண இது போதும்:

```
=COUNTA(UNIQUE(A2:A64))
```

ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் வரிகளை எண்ணி, போல்ல காட்டற எண்ணோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. 23-க்கு 22 வந்தா ஒரு பேர் விட்டுப் போச்சு, இல்லைன்னா நடுவுல யாரோ டிக்கை மாத்திட்டாங்க.

நம்ம குரூப்ல இன்னொரு சிக்கல் நிச்சயம் வரும். சரவணன், செந்தில், கார்த்தி இல்லாத முருகன் குரூப் உண்டா? ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா ஷீட் அவங்களை ஒரே ஆளா சேர்த்துடும். ஒரே ஆப்ஷன்ல ஒரே பேர் ரெண்டு தடவை வந்தா அது கண்டிப்பா ரெண்டு ஆள், ஏன்னா ஒருத்தர் ஒரே ஆப்ஷனை ரெண்டு தடவை அடிக்க முடியாது. வேற வேற ஆப்ஷன்ல வந்தா மட்டும் கண்ணால கண்டுபிடிக்க முடியாது. பேரைத் தட்டி நம்பரைப் பார்த்து, கடைசி ரெண்டு இலக்கத்தைப் பேரோட சேர்த்துடுங்க. அதே மாதிரி "வர முடியாது"லயும் ஒரு நாள்லயும் ஒரே பேர் இருந்தா, நீங்களா முடிவு பண்ணாம அவங்களையே கேட்டுடுங்க.

ரெண்டு வேன்னா கூட்டாதீங்க

இப்போ ரெண்டு தடவையா கிளம்பலாம்னு பேச்சு வருதுன்னு வெச்சுக்குங்க. அதிக டிக் வாங்கின ரெண்டையும் எடுத்தா வெள்ளி இரவு, சனி காலை. 23-ம் 17-ம் 40. வர்றவங்களே 39 பேர்தான்! கூட்டக்கூடாதுங்கறதுக்கு அந்த ஒண்ணே சாட்சி.

பேர் லிஸ்ட்டைப் பார்த்தா, சனி காலை டிக் அடிச்ச 17 பேர்ல 10 பேர் வெள்ளி இரவும் அடிச்சிருக்காங்க. அதனால இந்த ரெண்டு வேன்லயும் மொத்தம் 30 பேர்தான் வர முடியும். சனி இரவு மட்டுமே முடியும்னு சொன்ன 9 பேர் விட்டுப் போயிடுவாங்க.

மூணாவதா வந்த சனி இரவை எடுத்துப் பாருங்க. அதுல இருக்கற 14 பேர்ல 2 பேர்தான் வெள்ளி இரவும் அடிச்சவங்க. வெள்ளி இரவு 23, சனி இரவு புதுசா 12, ஆக 35 பேர். விட்டுப் போறது 4 பேர். அஞ்சு பேர் கூடுதலா சாமி பார்க்கறாங்க, அதுவும் மூணாவது இடத்துல இருந்த ஆப்ஷனால. பல டிக் போல்ல முதல் ரெண்டு இடம்தான் நல்ல ஜோடின்னு கிடையாது. யார் யாருக்கு ரெண்டும் ஒத்து வருதுன்னு பார்க்கணும்.

எழுதும்போது

48 பேர்ல ஒரு ஆளே 2 சதவீதத்துக்கு மேல. அதனால 47.9னு புள்ளி போட்டு எழுதறதுல அர்த்தம் இல்லை, முழு எண் போதும். பல டிக் போல்ல ஆளால வகுத்தா கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். இங்க 48, 35, 29, 19 கூட்டினா 131. தப்பில்லை, அது அப்படித்தான் வரணும். ஒரே டிக் போல்ல மட்டும் 100 வரணும். அங்கயும் மூணு ஆப்ஷனுக்கு 16, 16, 16 வந்தா 33, 33, 33னு 99-லதான் நிக்கும். அதைச் சரிக்கட்டன்னு ஒண்ணை 34 ஆக்காதீங்க, சமமா வந்ததுல ஒண்ணு ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.

குரூப்ல போட வேண்டிய மெசேஜ் இப்படி இருக்கலாம்:

"பழனி வேன் போல், வியாழன் இரவு 9 மணி நிலவரம். குரூப்ல 86 பேர், பதில் சொன்னவங்க 48, வர்றவங்க 39. ஒருத்தர் பல நாள் சொல்லலாம். வர்ற 39 பேர்ல: வெள்ளி இரவு 23 பேர் (59%), சனி காலை 17 (44%), சனி இரவு 14 (36%). வெள்ளி இரவு, சனி இரவு ரெண்டு வண்டி விட்டா 35 பேர் வரலாம். பதில் சொல்லாத 38 பேர் நாளைக்குள்ள சொல்லிடுங்க."

சதவீதத்துக்கு முன்னாடி எண்ணிக்கை, அதுக்கும் முன்னாடி எத்தனை பேர்ல இருந்துங்கறது. இந்த வரிசையில எழுதிட்டா, போன்ல வாட்ஸ்அப் இல்லாத பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினாலும் அவரே கூட்டிக் கழிச்சு சரி பார்த்துக்குவார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!