கூட்டுத் தேய்மானம்: ஆயுள் வேறான சொத்துகளுக்கு ஒரே விகிதம்

அமெரிக்காவின் ரயில்வே நிறுவனங்களும் மின்சார, குடிநீர் நிறுவனங்களும் தங்களிடமுள்ள ஆயிரக்கணக்கான சொத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேய்மானம் கணக்கிடுவதில்லை. சொத்துகளைத் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு விகிதம் வைத்துக்கொள்கின்றன. ஒரே வகைச் சொத்துகளைச் சேர்த்தால் அதைக் குழுத் தேய்மானம் என்றும், ஆயுளும் தன்மையும் வேறுபட்ட சொத்துகளைச் சேர்த்தால் கூட்டுத் தேய்மானம் என்றும் சொல்வார்கள். கணக்கிடும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான்.

விகிதத்தைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமம் இல்லை. தொகுதியிலிருந்து ஒரு சொத்து வெளியேறும்போது போட வேண்டிய பதிவில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அங்கே லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அது ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். அமெரிக்காவில் ஒரு சிறிய குடிநீர் நிறுவனத்தின் நீரேற்று நிலையம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

படி 1: பட்டியல் போடுங்கள்

ஒவ்வொரு சொத்துக்கும் அடக்க விலை, ஆயுள் முடிவில் கிடைக்கும் இறுதி மதிப்பு, பயன்படும் ஆண்டுகள் ஆகிய மூன்றும் வேண்டும். அடக்க விலையிலிருந்து இறுதி மதிப்பைக் கழித்து, ஆண்டுகளால் வகுத்தால் அந்தச் சொத்தின் ஆண்டுத் தேய்மானம் கிடைக்கும். இது நமக்குப் பழகிய நேர்க்கோட்டு முறைதான்.

| சொத்து | அடக்க விலை (டாலர்) | இறுதி மதிப்பு | ஆயுள் (ஆண்டு) | ஆண்டுத் தேய்மானம் |
|---|---|---|---|---|
| நீரேற்று பம்புகள் | 1,40,000 | 20,000 | 12 | 10,000 |
| கட்டுப்பாட்டுப் பலகை | 60,000 | 5,000 | 5 | 11,000 |
| எஃகு நீர்த்தொட்டி | 2,20,000 | 20,000 | 50 | 4,000 |
| ஜெனரேட்டர் | 80,000 | 5,000 | 15 | 5,000 |
| மொத்தம் | 5,00,000 | 50,000 | | 30,000 |

படி 2: விகிதமும் ஆயுளும்

மொத்த ஆண்டுத் தேய்மானத்தை மொத்த அடக்க விலையால் வகுத்தால் கூட்டு விகிதம் வரும்.

30,000 ÷ 5,00,000 = 6%

கூட்டு ஆயுளுக்கு, தேய்மானத்துக்கு உரிய தொகையை, அதாவது அடக்க விலையிலிருந்து இறுதி மதிப்பைக் கழித்த 4,50,000 டாலரை, ஆண்டுத் தேய்மானத்தால் வகுக்க வேண்டும்.

4,50,000 ÷ 30,000 = 15 ஆண்டுகள்

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, நான்கு ஆயுள்களையும் கூட்டி நான்கால் வகுப்பது. அப்படிச் செய்தால் 20.5 ஆண்டு வரும். ஐம்பது ஆண்டு நிற்கும் தொட்டியையும் ஐந்தே ஆண்டில் மாறும் பலகையையும் சமமாக எடைபோட்டதால் வந்த பிழை அது. ஆண்டுதோறும் எந்தச் சொத்திலிருந்து எவ்வளவு தேய்கிறது என்பதுதான் இங்கே எடை. இரண்டாவது தவறு, விகிதத்தைக் கண்டுபிடிக்கும்போது 4,50,000 டாலரால் வகுத்துவிட்டு, அந்த 6.67 சதவீதத்தை 5,00,000 டாலர் மீது போடுவது. ஆண்டுக்கு 33,333 டாலர் என்று மிகையாக வரும். இறுதி மதிப்பு ஏற்கெனவே 30,000 டாலருக்குள் கழிந்துவிட்டது. ஆகவே வகுக்கும்போதும் பெருக்கும்போதும் முழு அடக்க விலையையே எடுக்க வேண்டும்.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க எளிய வழி உண்டு. 5,00,000 டாலரில் 6% என்றால் ஆண்டுக்கு 30,000. அதை 15 ஆண்டால் பெருக்கினால் 4,50,000. தேய வேண்டிய தொகை அப்படியே வந்துவிட்டது.

படி 3: ஆண்டு இறுதிப் பதிவு

தொகுதி முழுவதற்கும் ஒரே பதிவு போதும்.

தேய்மானக் கணக்கு – பற்று 30,000
திரண்ட தேய்மானக் கணக்கு – வரவு 30,000

திரண்ட தேய்மானமும் தொகுதி முழுவதற்கும் ஒன்றே. இதில் பம்புக்கு எவ்வளவு, தொட்டிக்கு எவ்வளவு என்று பேரேட்டில் பிரிப்பதில்லை. அடுத்த படியின் பதிவு முழுவதும் இதைச் சார்ந்திருப்பதால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒரு சொத்து வெளியேறும்போது

நான்கு ஆண்டுகள் முடிந்தன. திரண்ட தேய்மானம் 1,20,000 டாலர். கட்டுப்பாட்டுப் பலகை எதிர்பார்த்ததற்கு ஓராண்டு முன்பே பழுதாகி, 8,000 டாலருக்கு விற்கப்படுகிறது.

தனித்தனியாகத் தேய்மானம் போட்டிருந்தால் பலகையின் நான்கு ஆண்டுத் தேய்மானம் 44,000, ஏட்டு மதிப்பு 16,000. 8,000 டாலருக்கு விற்றதால் 8,000 டாலர் நட்டம் எழுதியிருப்போம். கூட்டு முறையில் பலகைக்கென்று தனி ஏட்டு மதிப்பு கிடையாது. எனவே நட்டத்தை அளக்க ஒரு அளவுகோலும் இல்லை. பதிவு இப்படி வரும்:

ரொக்கக் கணக்கு – பற்று 8,000
திரண்ட தேய்மானக் கணக்கு – பற்று 52,000
சொத்துக் கணக்கு – வரவு 60,000

இதை எழுதும் வரிசை முக்கியம். முதலில் சொத்தின் முழு அடக்க விலையையும் சொத்துக் கணக்கில் வரவு வையுங்கள். அடுத்து கைக்கு வந்த பணத்தைப் பற்று எழுதுங்கள். மீதி எவ்வளவோ அது முழுவதும் திரண்ட தேய்மானத்துக்குப் போகிறது. பலகையைக் கழற்றி அகற்ற 1,500 டாலர் செலவானால் அதுவும் அங்கேதான் சேரும். அப்போது திரண்ட தேய்மானத்தின் பற்று 53,500, கைக்கு வந்த நிகரத் தொகை 6,500. ஒன்றுமே கிடைக்காமல் தூக்கிப் போட்டிருந்தால், அகற்றும் செலவுடன் 60,000 டாலரும் திரண்ட தேய்மானத்துக்கே.

இந்த நட்டத்தை ஒளிக்கிறோமா என்ற கேள்வி நியாயமானது. ஆயுளாக நாம் எடுத்துக்கொண்ட எண்கள் எல்லாமே சராசரிகள். ஒரு பலகை நான்காம் ஆண்டில் போகும், ஒரு பம்பு பதினான்காம் ஆண்டிலும் ஓடும். முன்கூட்டிப் போனதில் வரும் குறைவை, பிந்திப் போவதில் வரும் மிகுதி ஈடுசெய்யும் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. சொத்துகள் எண்ணிக்கையில் நிறைய இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். நான்கே நான்கு சொத்துகளில் அந்த ஈடு கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நாம் நான்கை எடுத்தது கணக்கைத் தெளிவாகக் காட்டுவதற்காக மட்டும்.

படி 5: பதிவைச் சரிபாருங்கள்

விற்பனைக்கு முன் தொகுதியின் ஏட்டு மதிப்பு 5,00,000 கழித்தல் 1,20,000, ஆக 3,80,000. பதிவுக்குப் பின் சொத்துக் கணக்கு 4,40,000, திரண்ட தேய்மானம் 68,000, ஏட்டு மதிப்பு 3,72,000. குறைந்தது 8,000 டாலர். கைக்கு வந்த பணமும் 8,000 டாலர்.

எப்போதும் இப்படித்தான் இருக்க வேண்டும். சாதாரணமாக ஒரு சொத்து வெளியேறும்போது தொகுதியின் ஏட்டு மதிப்பு, கைக்கு வந்த நிகரப் பணத்தின் அளவுக்கு மட்டுமே குறையும். வேறு அளவில் குறைந்திருந்தால், எங்கோ லாபமோ நட்டமோ தவறாக எழுதியிருக்கிறீர்கள், அல்லது அடக்க விலைக்குப் பதில் வேறு தொகையை நீக்கியிருக்கிறீர்கள்.

படி 6: அடுத்த ஆண்டுக்கு எந்த விகிதம்?

வெளியேறிய சொத்துக்குப் பதிலாக அதே போன்ற ஒன்று வந்தால் பழைய விகிதமே தொடரும். புதிய பலகை 70,000 டாலர், இறுதி மதிப்பு 5,000, ஆயுள் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதியின் அடக்க விலை 5,10,000 ஆகிறது. 6% போட்டால் தேய்மானம் 30,600. தனித்தனியாகக் கணக்கிட்டால் 32,000. ஓரளவு நெருக்கம்தான். வேறுபாடு தாங்கக்கூடியதா என்பதை நிறுவனத்தின் அளவை வைத்து முடிவு செய்யலாம்.

மாற்றுப் பலகை வாங்காமல் விட்டால் நிலைமை வேறு. 4,40,000 டாலரில் 6% என்றால் 26,400. ஆனால் மீதமுள்ள பம்பு, தொட்டி, ஜெனரேட்டர் மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுத் தேய்மானம் 19,000 மட்டுமே. உண்மையான விகிதம் 4.32%. வேகமாகத் தேயும் சொத்து போய்விட்டது, அதற்காக உயர்ந்திருந்த விகிதம் மட்டும் நிற்கிறது. தொகுதியின் கலவை மாறினால் விகிதத்தையும் மாற்ற வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

அதனால்தான் அமெரிக்கப் பெரிய ரயில்வே நிறுவனங்கள் ஆயுள் ஆய்வுகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் செய்கின்றன: எஞ்சின், பெட்டி போன்றவற்றுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை, தண்டவாளம் உள்ளிட்ட பாதைச் சொத்துகளுக்கு 6 ஆண்டுக்கு ஒருமுறை. ஆய்வு செய்யாமல் விட்டால் முதலில் தெரியும் அறிகுறி திரண்ட தேய்மானக் கணக்கில்தான் இருக்கும். சொத்துகள் தொடர்ந்து முன்கூட்டியே வெளியேறினால் அந்த இருப்பு ஆண்டுக்காண்டு வற்றும். அது பற்று இருப்பாகவே மாறிவிட்டால், எடுத்துக்கொண்ட ஆயுள்கள் மிக நீளம் என்று பொருள்.

இந்தப் பதிவு பொருந்தாத இடங்கள்

வழக்கமான ஓட்டத்தில் வெளியேறும் சொத்துக்குத்தான் மேற்சொன்ன பதிவு. வெள்ளத்தில் நிலையமே அழிந்தாலோ, தொகுதியின் பெரும்பகுதியை ஒரே நேரத்தில் விற்றாலோ, சராசரிகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்ற வாதம் நிற்காது. அப்போது லாப நட்டத்தை உடனே காட்ட வேண்டும்.

இந்திய நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கையிலும் இதை அப்படியே போட முடியாது. இந்தியக் கணக்கியல் தரம் 16, சொத்தை விற்கும்போது வரும் லாபத்தையோ நட்டத்தையோ லாப நட்டக் கணக்கில் காட்டச் சொல்கிறது. அமெரிக்க நிறுவனத்தின் கணக்கை இங்கிருந்து எழுதுபவர்கள், இரண்டு பழக்கங்களையும் கலந்துவிடாமல் இருக்க வேண்டும்.

ஆனால் நம் வருமான வரிக் கணக்கில் இதற்கு ஓர் உறவு இருக்கிறது. வரிக்கான சொத்துத் தொகுதியில் ஒரு இயந்திரத்தை விற்றால், விற்ற தொகையைத் தொகுதியின் மதிப்பிலிருந்து கழித்துவிட்டு மேலே போகிறோம். தொகுதியில் மதிப்பும் வேறு சொத்தும் மிஞ்சியிருக்கும்வரை அந்த ஒரு இயந்திரத்துக்கென்று லாபமோ நட்டமோ எழுவதில்லை. படி 5-இல் கண்ட அதே விதிதான். வேறுபாடு இரண்டு: அங்கே தேய்மானம் குறைந்துசெல் மதிப்பின் மீது, விகிதமும் சட்டம் தருவது. இங்கே தேய்மானம் அடக்க விலையின் மீது, விகிதம் நீங்கள் கணக்கிட்டது. வரித் தொகுதியைக் கையாண்டு பழகியவருக்கு, சொத்து வெளியேறும் பதிவில் திரண்ட தேய்மானத்துக்கு ஏன் அத்தனை பெரிய தொகை போகிறது என்று சந்தேகம் வந்தால், ஏட்டு மதிப்பு எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்த்தால் போதும். அது கைக்கு வந்த பணத்துக்குச் சமமாக இருந்தால் பதிவு சரி.