கேட்காமல் வந்த எண்

சிப்பிகாட்டில் ஓர் அக்கா தேங்காய் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவில் அவர் கைபேசிக்கு வங்கியிலிருந்து ஆறு இலக்க எண் வருகிறது. அதுதான் ஓ.டி.பி. அக்கா அதைக் கேட்கவில்லை. பிறகு யார் கேட்டது?

கணக்குக்கு இரண்டு பூட்டுகள். முதல் சாவி கடவுச்சொல். இரண்டாவது சாவி ஓ.டி.பி. முதல் பூட்டை யாரோ திறந்திருக்கலாம். யாராவது எண்ணைத் தவறாக அழுத்தியும் இருக்கலாம்.

உடனே ஒருவன் பேசுகிறான்: "அக்கா, பேங்க்லேருந்து பேசுறேன். அந்த நம்பரைச் சொல்லுங்க."

இப்போது தெரிந்துவிட்டது. அவனிடம் இரண்டாவது சாவி இல்லை. அதனால்தான் கேட்கிறான்.

அக்கா சொல்லவில்லை. கடவுச்சொல்லை மாற்றினார். காலையில் வங்கிக்குப் போய்ச் சொன்னார்.

பணம் போயிருந்தால்? உடனே 1930 எண்ணுக்குப் பேச வேண்டும்.