பாப்பாவுக்கு மஞ்சள்: காலை வெயிலா, நீல விளக்கா?

நான் பொறியியல் படிக்கிற மாணவன், மருத்துவம் படிக்கிறவன் இல்லை. இருந்தாலும் போன வருஷம் தாய்மாமன் ஆனதும் ஒரு மருத்துவப் பாடத்தை உட்கார்ந்து படிக்க வேண்டியதாகிவிட்டது.

அக்காவுக்கு ஆண் குழந்தை. பிறந்தபோது 3 கிலோ. அம்பாங் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை 8 மணிக்குப் பாட்டி பாப்பாவைத் துணியில் சுற்றி, முகமும் கையும் மட்டும் தெரியும்படி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "லேசா மஞ்சளா இருக்குய்யா. கால் மணி நேரம் வெயில்ல காட்டினா போயிடும்" என்றார். அன்றைக்கே வீட்டுக்கு வந்து பார்த்த கிளினிக் தாதி, பாப்பாவின் நெற்றியிலும் நெஞ்சிலும் காலிலும் விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தி எடுத்ததும் தோலின் உண்மையான நிறம் ஒரு நொடி தெரியும். நம்மைப் போன்ற கறுப்புத் தோலில் மஞ்சள் சட்டென்று கண்ணுக்குப் படாது. அதனால் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பார்த்தார். "கால் வரைக்கும் இறங்கியிருக்கு, ரத்தம் எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

ரத்தத்தில் பிலிருபின் 290 மைக்ரோமோல். இது ஒரு லிட்டருக்கான கணக்கு. பழைய அளவில் ஒரு டெசிலிட்டருக்கு 17 மில்லிகிராம் (ஒரு மில்லிகிராமுக்கு 17.1 மைக்ரோமோல்). பிறந்து 72 மணி நேரம் ஆன குழந்தைக்கு இது சிகிச்சை வரம்பைத் தாண்டிய எண். அன்று மாலையே நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்துவிட்டார்கள். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. "சூரியன் செய்யாததையா இந்த லைட்டு செய்யப்போகுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், இந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? ரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்கு ஆயுள் உண்டு. நமக்குச் சுமார் 120 நாள், பிறந்த குழந்தைக்கு 70 முதல் 90 நாள். ஆயுள் முடிந்த அணு உடையும்போது அதன் ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் உடைந்தால் ஏறக்குறைய 35 மில்லிகிராம் பிலிருபின்.

எங்கள் பாப்பாவுக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 கிலோ குழந்தைக்கு ரத்தம் சுமார் 250 மில்லிலிட்டர், ஒரு மைலோ டின்னில் பிடிக்கிற அளவுதான். டெசிலிட்டருக்கு 17 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்தால் மொத்தம் 42 கிராம். 80 நாளில் எல்லாம் உடையும் என்றால், ஒரு நாளைக்கு அரை கிராம். அதிலிருந்து 18 மில்லிகிராம் பிலிருபின். மற்ற வழிகளில் உண்டாவதையும் சேர்த்தால் நாளைக்கு ஏறக்குறைய 24 மில்லிகிராம். எடைக்கு எடை பார்த்தால் இது பெரியவர்களுக்கு உண்டாவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வருவது அதிகம், போகும் வழியோ இன்னும் திறக்கவில்லை. பிலிருபின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். கல்லீரல் அதோடு ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டினால்தான் அது கரைந்து, பித்தத்தோடு குடலுக்குப் போய், மலத்தில் வெளியேறும். ஒட்டுகிற அந்த நொதி பிறந்த குழந்தையிடம் பெரியவர்களுக்கு இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. போதாததற்கு, பால் சரியாகக் குடிக்காமல் மலம் தாமதமானால், குடலுக்குப் போன பிலிருபின் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடும். எங்கள் பாப்பாவுக்கு நடந்தது இதுதான். மூன்றாம் நாள் எடை 2.75 கிலோவாக இறங்கியிருந்தது.

தோல் மஞ்சளாவதால் மட்டும் ஆபத்து இல்லை. கொழுப்பில் கரைகிற பொருள் மூளைக்குள்ளும் நுழையும், அதுதான் பயம். அளவு மிகவும் ஏறினால் குழந்தை சோர்ந்துவிடும், பால் குடிக்காது, கீச்சென்று அழும், உடம்பை வில்லாகப் பின்னால் வளைக்கும். தப்பிப் பிழைத்தாலும் காது கேளாமை, கை கால் கட்டுப்பாடு இல்லாமை என்று ஆயுளுக்கும் தங்கிவிடலாம்.

இனி பாட்டியின் கேள்வி. வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருப்பதைக் கண்டுபிடித்தவரும் ஒரு தாதிதான். இங்கிலாந்தின் எசெக்ஸ் வட்டாரத்தில் ரோச்ஃபோர்ட் மருத்துவமனை. 1956-இல் அங்கே குறைமாதக் குழந்தைகள் பிரிவைக் கவனித்துவந்த சிஸ்டர் வார்ட், நல்ல காற்றும் வெயிலும் குழந்தைக்கு நல்லது என்று நம்பியவர். வெயில் நாளில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருந்தது, ஒரு முக்கோணம் மட்டும் அடர்ந்த மஞ்சள். வெயிலில் இருந்தபோது போர்வையின் முனை மூடியிருந்த இடம் அது. சில வாரம் கழித்து ஜன்னல் ஓரம் வெயிலில் கிடந்த ஒரு ரத்தக்குழாயைச் சோதித்தபோது, பிலிருபின் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. மருத்துவர் கிரெமரும் அவருடைய குழுவினரும் நீல ஒளிக் குழல்விளக்குகளை வைத்து ஒரு கருவி செய்து, 1958-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

அது ஏன் நீலம்? ஒரு பொருள் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் அது நீல ஒளியை விழுங்குகிறது என்று அர்த்தம். பிலிருபின் அதிகமாக விழுங்குவது 460 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை. விளக்கு நீலமாக இருப்பது அதனால்தான், அதில் புற ஊதா தேவையில்லை.

விழுங்கிய ஒளி என்ன செய்கிறது? பிலிருபின் மூலக்கூறு வாழையிலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலம் மாதிரி. தண்ணீரோடு சேரக்கூடிய பகுதிகள் எல்லாம் உள்ளே மடிந்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அது தண்ணீரில் கரையவில்லை. ஒளி பட்டதும் உள்ளே ஓர் இரட்டைப் பிணைப்பு திரும்பி, மடிப்பு பிரிகிறது. கரையாதது கரையத் தொடங்குகிறது. இப்படி மாறிய உருவம் கல்லீரலின் அந்த நொதிக்காகக் காத்திருக்காமல் நேரே பித்தத்துக்குப் போய்விடும். ஒரு சிக்கல், குடலில் இது மறுபடியும் பழையபடி மடிந்துகொள்ளலாம். இன்னொரு மாற்றம் மெதுவாக நடக்கும், ஆனால் திரும்பாது. அதில் உண்டாகும் பொருளின் பெயர் லூமிருபின். அது பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். ஆக, விளக்கு ரத்த அணு உடைவதை நிறுத்துவதில்லை, கல்லீரலைக் குணப்படுத்துவதும் இல்லை. உண்டான பிலிருபினுக்கு ஒரு பக்கவழி திறந்துவிடுகிறது.

அப்படியென்றால் பாட்டியின் வெயிலிலும் நீலம் இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் கணக்கு பத்தாது. வேலை செய்வது மூன்றின் பெருக்கல்: ஒளியின் வலிமை, ஒளி படும் தோலின் பரப்பு, நேரம். தீவிர சிகிச்சையில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில், ஒரு நானோமீட்டர் அலைநீளத்துக்கு, 30 மைக்ரோவாட்டாவது விழ வேண்டும். அதை ஒரு மீட்டரை வைத்து அளந்து பார்க்கிறார்கள். விளக்கைத் தள்ளிவைத்தால் அளவு விழுந்துவிடும். எங்கள் பாப்பா டயபரும் கண்மூடியும் தவிர வெறும் உடம்போடு, நாளுக்கு 20 மணி நேரம் படுத்திருந்தான். வாசலில் கால் மணி நேரம் என்றால் நேரமே 80-இல் ஒரு பங்கு. முகமும் கையும் மட்டும் என்றால் தோல் பத்தில் ஒரு பங்கு. வலிமை இரண்டிலும் சமம் என்றே வைத்தாலும் கிடைப்பது 800-இல் ஒரு பங்கு. அதற்காக நடுப்பகல் வெயிலில் துணியில்லாமல் கிடத்தினால் தோல் வெந்துபோகும், உடம்பு நீர் வற்றும். நைஜீரியாவில் புற ஊதாவையும் சூட்டையும் தடுக்கிற படலக் கூரைக்கு அடியில் வெயில் சிகிச்சை கொடுத்து, அது பலன் தந்ததை 2015-இல் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே குழந்தைகள் பல மணி நேரம், கண்காணிப்போடு இருந்தார்கள்.

பாப்பாவுக்கு என்ன ஆனது? அக்கா இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எடுத்துப் பால் கொடுத்தாள். மலம் பச்சையாக, இளகிப் போனது. பக்கவழி திறந்ததற்கு அதுவே அடையாளம். 24 மணி நேரத்தில் 290 இறங்கி 222. மறுநாள் 171, விளக்கை அணைத்தார்கள். அடுத்த நாள் 185-க்குக் கொஞ்சம் ஏறியது. விளக்கு போனதும் இப்படிச் சற்று ஏறுவது வழக்கம் என்று சொல்லி, இன்னொரு சோதனைக்குத் தேதி கொடுத்து அனுப்பினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விளக்குக்கு அடியில் இருந்த குழந்தையின் தோல் சீக்கிரம் வெளுத்துவிடும், ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கலாம். சிஸ்டர் வார்ட் பார்த்த முக்கோணம் இதைத்தான் சொல்கிறது. "மஞ்சள் போயிடுச்சு" என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ரத்தச் சோதனைதான் சாட்சி.

விளக்கால் ஆகாத இடங்களும் உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்குச் சிவப்பு அணுக்கள் திடீரென்று கூட்டமாக உடையும். நம் நாட்டில் இதைத் தொப்புள்கொடி ரத்தத்தில் சோதிக்கிறார்கள். அந்தக் குறை உள்ள பிள்ளைக்கு, அலமாரியில் உபாட் கெகாட் போட்டு வைத்த பழைய துணியைச் சுற்றினாலே போதும், அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் அணுக்களை உடைத்துவிடும். உடைகிற வேகம் விளக்கின் வேகத்தைத் தாண்டினால் ரத்தத்தையே மாற்ற வேண்டி வரும்.

ஆகவே உங்கள் வீட்டில் அக்காவோ அண்ணியோ பிள்ளை பெற்று வந்தால் இவற்றைப் பாருங்கள். பிறந்த முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் வந்தால் அது சாதாரணம் இல்லை, உடனே காட்ட வேண்டும். மஞ்சளோடு தூங்கிக்கொண்டே இருந்து பால் குடிக்காவிட்டாலும் அப்படியே. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தாலோ, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி போனாலோ, அது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு நீல விளக்கு மருந்து இல்லை, அறுவை சிகிச்சையும் சீக்கிரம் செய்தால்தான் பலன். மஞ்சளை இறக்கத் தண்ணீரோ குளுக்கோஸ் தண்ணீரோ கொடுக்காதீர்கள். அது பிலிருபினை வெளியேற்றாது, பால் குடிக்கிற வயிற்றைத்தான் நிரப்பும்.

பாட்டியிடம் இந்த 800 கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நான் ரெண்டு மாசம் வாசல்லயே உக்காரணும்" என்று சிரித்தார். அடுத்த சோதனைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காரில் முதலில் ஏறியவரும் அவர்தான்.