புணரிகளுக்குள் எத்தனை சேர்மானங்கள்? ஒருமடிய எண்ணும் 2ⁿ கணக்கும்



சென்ற தவணைப் பரீட்சையில் எனக்குப் புள்ளி போன ஒரு சிறிய கணக்கிலிருந்து தொடங்குகிறேன். வினா இதுதான்: “இருமடிய எண் 6 ஆகவுள்ள அங்கியொன்றின் புணரிகளில் எத்தனை வகையான நிறமூர்த்தச் சேர்மானங்கள் தோன்றலாம்?” நான் யோசிக்காமல் 9 என்று எழுதிவிட்டேன். சரியான விடை 8. ஒன்றுதானே வித்தியாசம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நான் செய்த அதே பிழையை மனிதனுக்குச் செய்திருந்தால், 83 இலட்சத்துக்கு மேல் வரவேண்டிய இடத்தில் 529 என்று எழுதியிருப்பேன்.

அன்றிரவு உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூலும் நீல நூலும் எடுத்து, பாயில் பரப்பி, கணக்கை மீண்டும் செய்து பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

நூலால் ஒரு கலம்

சிவப்பில் மூன்று துண்டுகள்: நீளம், நடுத்தரம், குட்டை. நீலத்திலும் அதே அளவுகளில் மூன்று. சிவப்பு அந்த அங்கிக்குத் தாயிடமிருந்து வந்தவை. நீலம் தந்தையிடமிருந்து வந்தவை. ஒரே நீளமுள்ள சிவப்பும் நீலமும் சேர்ந்து ஓர் அமைப்பொத்த சோடி. மொத்தம் ஆறு நிறமூர்த்தங்கள், மூன்று சோடிகள். ஆகவே 2n = 6, n = 3.

ஒடுக்கற்பிரிவில் ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்று மட்டுமே ஒரு புணரிக்குள் போகும். நீளமானது சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கலாம். அதற்கு 2 வழிகள். நடுத்தரத்துக்கும் 2 வழிகள், குட்டைக்கும் 2 வழிகள். நீளமானது எந்த நிறத்தில் போனது என்பது மற்றச் சோடிகளைக் கட்டுப்படுத்தாது. அதனால் வழிகளைப் பெருக்க வேண்டும்.

2 × 2 × 2 = 2³ = 8

சிவப்பைச் ‘சி’ என்றும் நீலத்தை ‘நீ’ என்றும் எடுத்து, நீளம், நடுத்தரம், குட்டை என்ற ஒழுங்கில் எழுதினால்:

சிசிசி, சிசிநீ, சிநீசி, சிநீநீ, நீசிசி, நீசிநீ, நீநீசி, நீநீநீ.

ஒன்பதாவதை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நான் 3² என்று எழுதியது எங்கே பிழை என்பதும் இங்கே தெரிகிறது. ஒரு சோடியில் உள்ள தெரிவுகள் எப்போதும் 2, அதுதான் அடி. சோடிகளின் எண்ணிக்கை n, அதுதான் அடுக்கு. ஆகவே சேர்மானங்களின் எண்ணிக்கை = 2ⁿ.

உதாரணங்கள்

*1. பழ ஈ.* இதன் உடற்கலமொன்றில் 8 நிறமூர்த்தங்கள் உள்ளன. n = 8 ÷ 2 = 4. சேர்மானங்கள் 2⁴ = 16.

*2. வெங்காயம்.* வேர்முனைக் கலமொன்றில் 16 நிறமூர்த்தங்கள். இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். வேர்முனை உடற்பகுதி என்பதால் 16 என்பது 2n. முதலில் பாதியாக்க வேண்டும்: n = 8, 2⁸ = 256. பாதியாக்க மறந்து 2¹⁶ போட்டால் 65,536 என்ற பிழையான விடை வரும். ஆனால் வினாவில் “மகரந்தமணியின் கருவில் 8” என்று தந்திருந்தால் அது ஏற்கெனவே n. மீண்டும் பாதியாக்கக் கூடாது. எந்தக் கலத்தின் எண் தரப்பட்டுள்ளது என்பதைப் பார்த்துவிட்டே பேனையை எடுக்க வேண்டும்.

*3. மனிதன்.* 2n = 46, n = 23. சேர்மானங்கள் 2²³ = 8,388,608. ஆணில் எக்ஸும் வையும் உருவத்தில் வேறுபட்டாலும் ஒடுக்கற்பிரிவில் ஒரு சோடியாகவே பிரிகின்றன. அதனால் ஆணுக்கும் n = 23 தான்.

உம்மா கேட்ட கேள்வி

நூல்களைப் பார்த்துக்கொண்டிருந்த உம்மா கேட்டார்: “மகள், ஒரு கலம் பிரிஞ்சா நாலு புணரிதான் வரும் எண்டு நீதானே சொன்ன? அப்ப எட்டு எங்கிருந்து வந்த?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. நூல்களை மீண்டும் அடுக்கினேன்.

அனுவவத்தை I இல் சோடிகள் கலத்தின் நடுத்தளத்தில் வரிசையாகின்றன. ஒரு கலத்தில் நீளச் சிவப்பும் நடுத்தரச் சிவப்பும் குட்டை நீலமும் ஒரு முனைவைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் சிசிநீ போகிறது. அப்படியானால் மறுபக்கம் நீநீசி போயே ஆகவேண்டும். இரண்டாம் பிரிவில் ஒவ்வொன்றும் இரண்டாகும். நான்கு புணரிகள் வந்தாலும் வகைகள் இரண்டுதான்.

எட்டு வகைகளையும் இப்படிச் சோடி சேர்த்தால் நான்கு வரிசையாக்கங்கள் கிடைக்கும்: சிசிசி–நீநீநீ, சிசிநீ–நீநீசி, சிநீசி–நீசிநீ, சிநீநீ–நீசிசி. ஒரு கலம் இவற்றில் ஒன்றையே எடுக்கும். எட்டும் தோன்ற வேண்டுமானால் பல கலங்கள் பிரிய வேண்டும். ஆகவே வினா “அனுவவத்தை I இல் எத்தனை வகையான வரிசையாக்கங்கள்?” என்று கேட்டால் விடை 2ⁿ⁻¹, இங்கே 4. “எத்தனை வகைப் புணரிகள்?” என்றால் 2ⁿ, இங்கே 8. “ஒரே கலத்திலிருந்து எத்தனை வகை?” என்றால், குறுக்குப்பரிமாற்றம் இல்லாதபோது 2.

நானும் தங்கையும்

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரே உம்மா வாப்பா, ஆனா முகம் ஏன் வேற?” என்று வீட்டுக்கு வருபவர்கள் கேட்பார்கள். உம்மாவின் முட்டையொன்றில் 8,388,608 சேர்மானங்களில் ஒன்று. வாப்பாவின் விந்தொன்றிலும் அப்படியே. இரண்டும் சேரும் நுகத்துக்கு 2²³ × 2²³ = 2⁴⁶, அதாவது 70,368,744,177,664 சாத்தியங்கள். எனக்குக் கிடைத்த அதே சேர்மானம் தங்கைக்கும் கிடைப்பதற்கான நிகழ்தகவு, 70 திரில்லியனில் ஏறத்தாழ ஒன்று. ஒரே நுகத்திலிருந்து உருவாகும் இரட்டையர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அவர்கள் ஒரே சேர்மானத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

2ⁿ எங்கே நிற்கிறது?

2ⁿ முழு நிறமூர்த்தங்களை மட்டுமே எண்ணுகிறது. முன்னவத்தை I இல் நிகழும் குறுக்குப்பரிமாற்றத்தால் சிவப்பு நூலின் ஒரு துண்டு நீலத்தோடும், நீலத்தின் துண்டு சிவப்போடும் இடம் மாறும். அதனால் உண்மையான வகைகள் 2ⁿ ஐ விட மிகமிக அதிகம். ஆண் பழ ஈயில் குறுக்குப்பரிமாற்றம் வழமையாக நிகழ்வதில்லை. ஆகவே அதன் விந்துகளுக்கு 16 என்ற விடை நன்றாகப் பொருந்துகிறது.

இன்னொன்று: 2ⁿ க்குச் சோடிகள் வேண்டும். ஆண் தேனீ கருக்கட்டாத முட்டையிலிருந்து வருவது. அதனிடம் 16 நிறமூர்த்தங்களே உள்ளன, சோடிகள் இல்லை. அதன் விந்துகள் எல்லாம் ஒரே வகை. n = 16 என்று கண்டதும் 2¹⁶ போட்டால் பிழை; விடை 1. 2n = 32 ஆகவுள்ள இராணித் தேனீக்குத்தான் 2¹⁶ = 65,536.

செய்து பாருங்கள்

1. நெல்லின் உடற்கலத்தில் 24 நிறமூர்த்தங்கள். புணரிகளில் எத்தனை சேர்மானங்கள்?
2. பட்டாணியில் 2n = 14. அனுவவத்தை I இல் எத்தனை வரிசையாக்கங்கள்?
3. பழ ஈயின் புணரியொன்றில் நான்கு நிறமூர்த்தங்களும் தாய்வழியாகவே இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

விடைகள்: (1) 2¹² = 4096 (2) 2⁶ = 64 (3) 1/16